டெல்லி கிடங்கு விளக்குகள் ஜூனில் விடிந்தும் எரிகின்றன, டிசம்பரில் இருட்டிலேயே அணைகின்றன: கணக்கில் என்ன தவறு?

விளக்குத்தூண்:
கன்னியாகுமரியில் ஒரு கிடங்கு, டெல்லியில் ஒன்று. வெளி விளக்குகளை டைமர் இயக்குகிறது. கன்னியாகுமரியின் சூரிய உதய அட்டவணை கையில் இருந்தது. இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகை (77.5, 77.2) என்பதால் அதையே டெல்லிக்கும் ஏற்றினோம். மார்ச்சில் பிரச்சினை இல்லை. ஜூனில் விடிந்து 40 நிமிடம் கழித்து அணைகிறது. டிசம்பரில் உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே அணைந்துவிடுகிறது. டைமர் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது.

மலைச்சாரல்:
எங்கள் எஸ்டேட்டிலும் இதே கதைதான். கிழக்கே மலை இருப்பதால் அட்டவணை நேரத்துக்கு வெகுநேரம் கழித்துத்தான் வெயில் வரும். உங்கள் கிடங்குக்குக் கிழக்கே உயரமான கட்டடம் இருக்கிறதா பாருங்கள்.

கோணமானி:
மலையோ கட்டடமோ மறைத்தால் வெயில் தாமதமாகத்தான் வரும். இவருக்கு ஜூனில் சூரியன் முந்துகிறது, டிசம்பரில் பிந்துகிறது. இது அட்சரேகையின் வேலை. ஜூன் 21 அன்று டெல்லியில் பகல் 13 மணி 58 நிமிடம், கன்னியாகுமரியில் 12 மணி 36 நிமிடம். டிசம்பர் 21 அன்று முறையே 10 மணி 19, 11 மணி 39. இந்த வித்தியாசத்தில் பாதி காலையிலும் பாதி மாலையிலும் விழும். அதனால் ஜூனில் உதயம் டெல்லியில் 5:24, குமரியில் 6:04. டிசம்பரில் 7:10, 6:28. மார்ச்சில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பதால் எல்லா ஊரிலும் பகல் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால்தான் அப்போது தவறு தெரியவில்லை.

அரைப்பகல் கோணம் H, டிகிரியில்; lat அட்சரேகை, dec அன்றைய சூரியச் சாய்வு:

```
cos H = (sin(-0.833) - sin(lat)*sin(dec)) / (cos(lat)*cos(dec))
```

H-ஐ 15-ஆல் வகுத்தால் அரைப்பகல் எத்தனை மணி என்று வரும். -0.833 என்பது காற்று ஒளியை வளைப்பதற்கும் சூரிய வட்டத்தின் மேல் விளிம்புக்கும் சேர்த்து. அதை விட்டால் டெல்லியில் காலையில் 4 நிமிடம் பிசகும். நிரலில் எழுதினால் கோணங்களை ரேடியனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

குமரிமுனை:
சுருக்கமாகச் சொன்னால், ஜூன் 21 அன்று உதயம் மிக முன்னதாக, டிசம்பர் 21 அன்று மிகத் தாமதமாக. இரண்டு தேதிக்கும் நேரம் வைத்து நடுவில் சீராகப் பிரித்துவிட்டால் போதுமே.

விளக்குத்தூண்:
சூத்திரத்தைப் போட்டுவிட்டேன். நண்பகலை 12:21 என்று வைத்துக்கொண்டேன் (இந்திய நேரத்துக்கு அடிப்படையான 82.5 தீர்க்கரேகையிலிருந்து 5.3 டிகிரி மேற்கு, டிகிரிக்கு 4 நிமிடம்). ஜூனும் டிசம்பரும் இரண்டு நிமிடத்துக்குள் வருகின்றன. ஆனால் பிப்ரவரியில் கால் மணி நேரம் முந்துகிறது, நவம்பரில் கால் மணி நேரம் பிந்துகிறது.

கோணமானி:
உதயத்தையும் அஸ்தமனத்தையும் கூட்டிப் பாதியாக்கிப் பாருங்கள். அந்த நடுநேரம் பிசகினால் நண்பகல் கணக்கில் கோளாறு. நடுநேரம் சரியாக இருந்து பகல் நீளம் பிசகினால் அட்சரேகையிலோ சூரியச் சாய்விலோ கோளாறு.

டெல்லியில் பிப்ரவரி 11 அன்று 7:03, 18:08. நவம்பர் 1 அன்று 6:33, 17:36. பகல் நீளம் ஏறக்குறைய சமம். நடுநேரமோ 12:35, 12:05. நிலையான 12:21 இங்கே செல்லாது. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. அதனால் சூரியக் கடிகாரம் நம் கடிகாரத்தை விட்டு பிப்ரவரியில் 14 நிமிடம் பின்தங்கும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். அந்தந்த நாளின் திருத்தத்தைச் சேருங்கள் (eot நிமிடத்தில், முந்தினால் கூட்டல் குறி):

```
noon = 12:00 + 4*(82.5 - lon) - eot
```

குமரிமுனை சொன்ன சீரான பிரிப்பு அவருடைய ஊரிலேயே பலிக்காது. அங்கே பகல் நீளம் குறைவாகவே மாறுவதால் இந்தத் திருத்தமே மேலோங்குகிறது. உதயம் மிக முந்துவது மே கடைசியில், 6:00 அளவில். ஆகஸ்ட் நடுவில் 6:12-க்குப் போய், பகல் குறைந்துகொண்டே வரும்போதும் அக்டோபர் நடுவில் 6:07-க்குத் திரும்பும். பிறகு ஜனவரி முடிவில் 6:40. டெல்லியில் பகல் நீளம் வலுவாக இழுப்பதால் இரட்டை மேடு கிடையாது. ஆனாலும் மிகத் தாமதமான உதயம் ஜனவரி இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

குமரிமுனை:
அக்டோபரில் உதயம் முந்துவதைக் கவனித்திருக்கிறேன், ஏதோ அச்சுப் பிழை என்று விட்டுவிட்டேன். இன்னொன்று: என் பஞ்சாங்கத்தில் உதயம் எப்போதும் மூன்று, நான்கு நிமிடம் தள்ளியே இருக்கிறது.

கோணமானி:
சில பஞ்சாங்கங்கள் சூரிய வட்டத்தின் நடுப்புள்ளியை வைத்து, காற்றின் வளைவைச் சேர்க்காமல் கணிக்கும். அந்த மூன்று, நான்கு நிமிடம் அதுவாக இருக்கலாம். முன்னுரையில் எப்படிக் கணித்தார்கள் என்று பாருங்கள்.

விளக்குத்தூண்:
eot சேர்த்ததும் எல்லா மாதமும் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் ஜனவரி மூடுபனியில் உதயம் கழிந்தும் முற்றம் இருட்டாகவே இருக்கிறது. அரை மணி நேரம் கூட்டி வைப்பதா, ஒளி உணரி போடுவதா?

மலைச்சாரல்:
உணரிதான். மலையடியிலும் அதுதான் கை கொடுக்கிறது.

கோணமானி:
உணரியில் தூசி படிந்தால் பகலிலும் விளக்கு எரியும். நான் டைமரையே வைத்து, டிசம்பரிலும் ஜனவரியிலும் மட்டும் நேரம் கூட்டுவேன். எவ்வளவு என்பதை அந்த முற்றத்தில் நின்று பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.