இறக்கத்தில் நகம் கறுக்காமல், குதிகால் நழுவாமல் லேஸ் கட்டுவது: உங்கள் அனுபவம்?

அடிவாரம்
ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஓடினால் குதிகால் தூக்கித் தூக்கி விழுகிறது, இரண்டாவது விரல் நகம் கறுக்கிறது. ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஷூவில் கணுக்காலை ஒட்டி ஒரு ஓட்டை சும்மா கிடக்கிறது. அதில் லேஸை எப்படிக் கோப்பது?

கொல்லிமலைக்காரன்
கீழிருந்து மேல்வரை நல்லா இறுக்கிக் கட்டுங்க. கால் அசையலன்னா நகம் எங்க போய் இடிக்கும்?

லேஸ் பைத்தியம்
கால் அசையக் கூடாது என்பது சரி. ஆனால் எல்லா இடத்தையும் இறுக்கினால் விரல் பகுதியும் சேர்ந்து இறுகும். ஓட ஓடப் பாதம் வீங்கும். வீங்க இடமில்லாதபோது மேல்துணியே நகத்தை அழுத்தும்.

இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னால் சறுக்கப் பார்க்கிறது. அப்போதுதான் குதிகால் பின்பக்கத்தை விட்டு விலகுகிறது, விரலும் முனையில் இடிக்கிறது. அதனால் பிடிக்க வேண்டிய இடம் பாதம் கணுக்காலோடு மடங்குகிற இடம்தான்.

ஒரு பக்கம் ஆறு ஓட்டையும் மேலே அந்தக் கூடுதல் ஓட்டையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லேஸை முழுக்கத் தளர்த்தி, காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார வையுங்கள். விரல் பக்கமிருந்து முதல் இரண்டு குறுக்கும் தளர்வாக இருக்கட்டும். மூன்றாவது குறுக்கில் இரண்டு முனைகளையும் ஒன்றையொன்று இரண்டு சுற்றுச் சுற்றி இழுங்கள். அந்தச் சுற்று பூட்டாக நிற்கும். மேலே எவ்வளவு இறுக்கினாலும் கீழே இறங்காது. அங்கிருந்து ஆறாவது வரை கச்சிதமாக.

அப்புறம் குறுக்கே போகாமல், அந்தந்தப் பக்கத்து லேஸை அதே பக்கத்துக் கூடுதல் ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். இரு பக்கமும் சின்ன வளையம் நிற்கும். இடது முனையை வலது வளையத்திலும், வலது முனையை இடது வளையத்திலும் நுழைத்து, குதிகால் பக்கம் சாய்த்துக் கீழ்நோக்கி இழுங்கள். பலர் சொதப்புவது இங்கேதான்: நேராக மேலே இழுத்தால் வளையம் ஷூவின் வாயைச் சுருக்காது. இழுத்ததும் வழக்கமான முடிச்சு.

காலை ஐந்து மணி
எனக்கும் லேஸ் பாதி வழியில் அவிழ்ந்துவிடும். இரட்டை முடிச்சு போட்டால் போதுமா?

லேஸ் பைத்தியம்
அது வேறு கதைங்க. முடிச்சு அவிழாமலேயே குதிகால் நழுவும். உங்களுக்கு உருண்டை லேஸ் என்றால் தட்டை லேஸுக்கு மாறிப் பாருங்கள்.

மலைச்சாரல்
வளைய முறை குதிகாலுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அளவு மீறினால் கணுக்காலின் முன்பக்க நரம்பும் தசைநாரும் நசுங்கி, பாதத்தின் மேல்புறம் மரத்துப்போகும். கட்டியபின் முடிச்சுக்கு அடியில் ஒரு விரல் சிரமப்பட்டாவது நுழைய வேண்டும். குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் வலித்தால் அங்கே குறுக்கைத் தவிர்த்து, இருபுறமும் நேராக மேல் ஓட்டைக்கு ஏற்றிவிடலாம்.

ஏறி முடித்ததும் நின்று ஒருமுறை திரும்பக் கட்டுங்கள். வியர்வையில் நனைந்த லேஸ் அதற்குள் தளர்ந்திருக்கும்.

கொல்லிமலைக்காரன்
சரிங்க, விரல் பக்கம் தளர்த்துறத ஒத்துக்கறேன். ஆனா நகத்துக்குன்னே ஒரு கட்டு இருக்கே? பெருவிரல் பக்கத்து முதல் ஓட்டையிலிருந்து ஒரு முனையைச் சாய்வா எதிர்ப்பக்க மேல் ஓட்டைக்குக் கொண்டுபோய், மிச்ச ஓட்டையெல்லாம் மற்ற முனையால கோக்கிறது. அந்தச் சாய்வு லேஸை இழுத்தா பெருவிரல் மேல துணி தூக்கிக்கும்.

லேஸ் பைத்தியம்
கெட்டியான மேல்பகுதி உள்ள ஷூவில் தூக்கும். இப்போது வருகிற மெல்லிய வலைத்துணியில் சும்மா சுருங்குவதுபோல்தான் எனக்குப் படுகிறது.

மலைச்சாரல்
வலைத்துணியிலும் கொஞ்சம் தூக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பெருவிரலுக்கு. இவர் கேட்டது இரண்டாவது விரல். பலருக்கு அதுதான் நீளம். பெருவிரலை வைத்து ஷூ வாங்கியிருந்தால் எந்தக் கட்டும் காப்பாற்றாது. இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். நகத்தையும் நேராக, குட்டையாக வெட்டியிருக்க வேண்டும்.

அடிவாரம்
பார்த்தேன். இடது காலில் இடம் இருக்கிறது, வலது காலில் பாதிகூட இல்லை. கறுப்பதும் வலதுதான். ஏற்கெனவே கறுத்த நகத்தை ஊசியால் குத்தி ரத்தத்தை எடுக்கலாமா?

மலைச்சாரல்
வீட்டில் குத்தாதீர்கள், கிருமி போகும். விண்விண்ணென்று தெறித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வலி இல்லையென்றால் விட்டுவிடலாம். நகம் வளர வளரக் கறை முன்னால் நகரும். நகராமல் ஒரே இடத்தில் நின்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலது காலுக்காக அரை அளவு பெரிய ஷூ எடுங்கள். இடதுபக்கம் வருகிற தொளதொளப்பை அந்த வளையம் பார்த்துக்கொள்ளும்.