உதவி தேவை: ஆட்ஸ் ரேஷியோ 0.50 என்றால் தேர்ச்சி வாய்ப்பு பாதி என்று எழுதலாமா?

மாலதி, அஸ்தம்பட்டி

அனைவருக்கும் வணக்கம். கல்வியியல் முதுகலை ஆய்வேட்டிற்காக, சேலத்திலுள்ள ஒரு கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் 240 பேர் கணிதத் தாளில் தேர்ச்சி பெற்றதையும் பெறாததையும் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் கொண்டு ஆராய்கிறேன். தேர்ச்சி 1 என்றும் தோல்வி 0 என்றும் பதிந்துள்ளேன். வருகைச் சதவீதம் ஒரு மாறி. நாகலூர் போன்ற ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து தினமும் பேருந்தில் இறங்கி வருபவரா என்பது மற்றொன்று.

```
m <- glm(pass ~ attend + hill, family = binomial, data = d)

            Estimate Std. Error z value Pr(>|z|)
(Intercept)   -5.200      1.310  -3.969    0.000
attend         0.080      0.017   4.706    0.000
hill          -0.690      0.330  -2.091    0.037
```

`exp(-0.69)` என்று கணக்கிட்டால் 0.50 வருகிறது. ஆகவே, "வருகை சமமாக இருந்தாலும் மலைக் கிராம மாணவர்கள் தேர்ச்சி பெறும் நிகழ்தகவு மற்றவர்களுடையதில் பாதியே" என்று எழுதினேன். நெறியாளர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை. எங்கே பிசகுகிறது? மாறிலி -5.20 என்பதற்கு என்ன பொருள் என்பதும் விளங்கவில்லை.

கார்த்திக்

குணகத்தை 4-ஆல் வகுத்துவிடுங்கள், வேலை முடிந்தது. -0.69-ஐ 4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ -0.17, அதாவது மலைக் கிராம மாணவரின் தேர்ச்சி நிகழ்தகவு 17 சதவீதப் புள்ளி குறைவு. வருகை ஒரு புள்ளி கூடினால் தேர்ச்சி வாய்ப்பு 2 புள்ளி கூடும். எங்கள் அலுவலகத்தில் எல்லா அறிக்கைகளிலும் இப்படித்தான் எழுதுகிறோம்.

செ. முத்துவேல், ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர்

அம்மா மாலதி, மாடலைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, மலை, நகரம் என்ற இரு பிரிவிலும் தேர்ச்சி பெற்றவர் எத்தனை, பெறாதவர் எத்தனை என்ற நான்கு எண்களை மட்டும் இங்கே எழுதுங்கள்.

மாலதி

மலைக் கிராமங்களிலிருந்து வருபவர் 58 பேர். அவர்களில் 34 பேர் தேர்ச்சி, 24 பேர் தோல்வி. மற்ற 182 பேரில் 137 பேர் தேர்ச்சி, 45 பேர் தோல்வி.

செ. முத்துவேல்

உங்கள் கேள்விக்கான விடை இந்த நான்கு எண்களிலேயே இருக்கிறது. மலைப் பிரிவில் தேர்ச்சி 59 சதவீதம், நகரப் பிரிவில் 75 சதவீதம். ஒன்று மற்றொன்றில் 0.78 பங்கே தவிர, பாதி அன்று. இனி ஆட்ஸைப் பாருங்கள். ஆட்ஸ் என்பது தேர்ச்சி பெற்றவர்களை மொத்தத்தால் வகுப்பதன்று, தோற்றவர்களால் வகுப்பது: மலையில் 34/24, அதாவது 1.42, நகரத்தில் 137/45, அதாவது 3.04. இவ்விரண்டின் விகிதம் 0.47. வருகையைக் கணக்கில் சேர்த்ததும் மாடல் அதை 0.50 ஆக்கியிருக்கிறது. ஆக, பாதியானது ஆட்ஸ்தான், நிகழ்தகவு பாதியாகவில்லை.

மாடலிலிருந்தும் இதையே காட்டலாம். வருகை 90 சதவீதம் உள்ள நகர மாணவருக்கு லாக் ஆட்ஸ் -5.20 + 0.08 × 90 = 2.0, நிகழ்தகவாக மாற்றினால் 88 சதவீதம். அதே வருகையுள்ள மலைக் கிராம மாணவருக்கு லாக் ஆட்ஸ் 1.31, நிகழ்தகவு 79 சதவீதம். வருகை 70 ஆனால் நகர மாணவருக்கு 60 சதவீதமும் மலைக் கிராம மாணவருக்கு 43 சதவீதமும் வருகின்றன. இரண்டு இடத்திலும் ஆட்ஸ் ரேஷியோ அதே 0.50 தான், ஆனால் நிகழ்தகவில் இடைவெளி ஓரிடத்தில் 9 புள்ளி, மற்றோரிடத்தில் 17 புள்ளி.

கார்த்திக் தம்பி சொன்ன 4-ஆல் வகுக்கும் வழி, நிகழ்தகவு 50 சதவீதத்தை ஒட்டியிருக்கும்போது நன்றாகவே பொருந்தும். 70 சதவீத வருகையில் அவர் சொன்ன 17 அப்படியே கிடைப்பது அதனால்தான். ஆனால் அது உச்ச வரம்பு. 90 சதவீத வருகையில் ஒரு புள்ளி கூடுவதால் தேர்ச்சி வாய்ப்பில் கிடைப்பது 2 புள்ளி அன்று, 0.8 புள்ளிதான். எல்லா அறிக்கைகளிலும் அப்படி எழுதுவதாக அவர் சொல்வது எனக்குச் சற்றுக் கவலை தருகிறது.

இதையே தோல்வியின் பக்கத்திலிருந்து சொன்னால் வேறு விதமாகத் தோன்றும். 90 சதவீத வருகையில் தோல்வி 12-இலிருந்து 21 ஆகிறது, ஏறத்தாழ 1.8 மடங்கு, தோல்வியின் ஆட்ஸ் ரேஷியோவோ 2. அங்கே தோல்வி அரிதாக இருப்பதால் இரண்டும் நெருங்கி நிற்கின்றன. அரிதான பக்கத்திலிருந்து பேசும்போது மட்டுமே "மடங்கு" என்ற சொல் ஓரளவு காப்பாற்றும்.

மாறிலியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அது வகுப்புக்கே வராத நகர மாணவரின் லாக் ஆட்ஸ். அப்படி ஒருவர் உங்கள் தரவில் இருக்கமாட்டார். மாடலில் `attend` என்பதை `I(attend - 75)` என்று மாற்றிப் பொருத்தினால் மாறிலி 0.80 ஆகும், 75 சதவீத வருகையுள்ள நகர மாணவரின் தேர்ச்சி வாய்ப்பு 69 சதவீதம் என்று அதைப் படிக்கலாம். மற்ற குணகங்கள் மாறா.

ஜெயந்தி, ஆத்தூர்

என் தரவிலும் இதே தொல்லைதான். வருகையின் குணகம் எதிர்மறையாக வருகிறது. வகுப்புக்கு வந்தால் தோற்பார்கள் என்றா எழுதுவது? விளைவு மாறியில் "தேர்ச்சி", "தோல்வி" என்று தமிழிலேயே எழுதி `factor` ஆக்கினேன்.

செ. முத்துவேல்

இது மாலதியின் சிக்கல் அன்று, ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் வரிசை கொடுக்காவிட்டால் ஆர் நிலைகளை அகரவரிசையில் அடுக்கி, முதல் நிலையை 0 என எடுத்துக்கொள்ளும். "தே" முன்னும் "தோ" பின்னும் வருவதால், நீங்கள் பொருத்தியது தோல்விக்கான மாடல். `levels()` கொடுத்து வரிசையைப் பாருங்கள். `relevel` கொண்டு "தோல்வி"யை முதலாக்கினால் குறிகள் அனைத்தும் திரும்பிவிடும்.

மாலதி

மிக்க நன்றி, ஐயா. இப்படித் திருத்தியிருக்கிறேன்: "வருகை சமமாக இருக்கையில், மலைக் கிராம மாணவரின் தேர்ச்சி ஆட்ஸ் மற்றவர்களுடையதில் 0.50 மடங்கு, 90 சதவீத வருகையில் இது 88-க்கு எதிராக 79 சதவீதத் தேர்ச்சி வாய்ப்பாகும்." போதுமா?

செ. முத்துவேல்

நம்பக இடைவெளியையும் சேர்த்தே எழுதுங்கள்.

```
exp(confint.default(m)["hill", ])
```

குணகத்தின் இருபுறமும் 1.96 × 0.33 எடுத்து `exp` செய்தால் 0.26 முதல் 0.96 வரை வரும். 58 பேரை வைத்து அதற்கு மேல் துல்லியம் கேட்க முடியாது. ஆட்ஸ் கால்பங்காகவும் இருக்கலாம், ஏறக்குறைய சமமாகவும் இருக்கலாம்.

அருள், ஏற்காடு

மலையில் ஆசிரியராக இருப்பவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் பேருந்து தாமதமானால் முதல் வகுப்பு போய்விடுகிறது. வருகை குறைவதே அதனால்தான். அப்படியிருக்க, "வருகை சமமாக இருக்கையில்" என்று சொல்வது, மலையில் இருப்பதன் பாதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுப் பேசுவது ஆகாதா?

செ. முத்துவேல்

ஆகும், ஐயா. மொத்தப் பாதிப்பு வேண்டுமென்றால் வருகையைச் சேர்க்கக்கூடாது. அப்போது கிடைப்பது 0.47. ஆனால் 0.47-க்கும் 0.50-க்கும் உள்ள வேறுபாட்டைப் பேருந்தின் பங்கு என்று எழுதிவிட வேண்டாம். மலை, நகரம் என்ற பிரிவோடு தொடர்பே இல்லாத வலுவான மாறி ஒன்றைச் சேர்த்தாலும் ஆட்ஸ் ரேஷியோ 1-இலிருந்து விலகி நகரும். ஆகையால் இங்கே இரண்டு நகர்வுகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டியிருக்கக்கூடும். பங்கைப் பிரிக்க வேண்டுமானால் நிகழ்தகவுகளாக மாற்றி ஒப்பிடுவதே மேல்.

கார்த்திக்

மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் ஆய்வேட்டின் கேள்வி எது என்று தெரியாமல் வருகையை நீக்கச் சொல்வது சரியாகப் படவில்லை. நெறியாளர் கேட்டது எந்தப் பாதிப்பை?

மாலதி

அதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும். என்னிடம் இருப்பது பருவ முழுவதற்குமான மொத்த வருகை மட்டுமே. முதல் மணி நேர வருகை துறைப் பதிவேட்டில் தனியாக இருக்கிறதா என்று திங்கட்கிழமை பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.