கொள்முதல் எண்ணிக்கையை ஐந்து குழுவாகப் பிரிக்க முடியவில்லை: qcut பிழை

கேள்வி (வரிசைக்காரர்):
வாடிக்கையாளர்கள் கடைசியாக வாங்கிய நாள், வாங்கிய தடவைகள், செலவிட்ட தொகை ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்து, அதன்படி சலுகைகளை அனுப்பத் திட்டமிட்டிருக்கிறோம். நாளுக்கும் தொகைக்கும் மதிப்பெண் சரியாக வருகிறது. தடவைக்கு மட்டும் கீழுள்ள வரி `Bin edges must be unique` என்று நின்றுவிடுகிறது.

```python
df['F'] = pd.qcut(df['frequency'], 5, labels=[1,2,3,4,5])
```

பட்டியலில் ஏறத்தாழ 62 சதவீதத்தினர் ஒரே ஒரு முறைதான் வாங்கியிருக்கிறார்கள். `duplicates='drop'` சேர்த்தால், லேபிள்களின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று வேறொரு பிழை வருகிறது.

மறுமொழி (விரைவுக்கோடு):
இது எல்லோருக்கும் வருவதுதான். முதலில் தரவரிசை கொடுத்துவிட்டுப் பிறகு பிரியுங்கள்; பிழை போய்விடும்.

```python
pd.qcut(df['frequency'].rank(method='first'), 5, labels=[1,2,3,4,5])
```

வரிசைக்காரர்:
நன்றி, ஓடுகிறது. ஆனால் ஒரே ஒரு முறை வாங்கிய இருவரில் ஒருவருக்கு 1, இன்னொருவருக்கு 3 என்று மதிப்பெண் விழுந்திருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

மறுமொழி (பழைய பதிவேடு):
விரைவுக்கோடு சொன்ன வழி பிழைச்செய்தியை நீக்குகிறதே தவிர, சிக்கல் அப்படியே இருக்கிறது. `method='first'` என்பது சமமாக இருப்பவர்களை அட்டவணையில் வந்த வரிசைப்படி அடுக்குவதால், வாடிக்கையாளர் எண் சிறியதாக இருப்பவர் கீழ்க்குழுவிலும், பட்டியலில் பின்னால் இருப்பவர் மேல்குழுவிலும் போய் விழுகிறார். அட்டவணையை வேறொரு நெடுவரிசையால் அடுக்கிவிட்டு அதே வரியை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பலரது மதிப்பெண் மாறிவிடும். அப்படி மாறும் மதிப்பெண்ணை நம்பி யாருக்கும் சலுகை அனுப்ப முடியாது.

உங்கள் தரவில் 20, 40, 60 ஆகிய மூன்று சதவீத எல்லைகளும் 1 என்ற எண்ணிலேயே விழுகின்றன. பிழைக்குக் காரணம் அதுதான். ஆகவே இந்த ஒன்றுக்கு மட்டும் சம அளவுக் குழுக்களைக் கைவிட்டு, எல்லைகளை நீங்களே வையுங்கள்.

```python
pd.cut(df['frequency'], bins=[0,1,2,4,8,float('inf')], labels=[1,2,3,4,5])
```

முதல் குழு மிகப் பெரிதாகவும் கடைசிக் குழு மிகச் சிறிதாகவும் இருக்கும். உண்மை நிலை அதுதான் என்பதால் அதைச் சமப்படுத்த முயல வேண்டாம்.

மறுமொழி (மாதக்கணக்கு):
எனக்கு இந்தப் பிழை வந்ததே இல்லை. தடவைகள் 1 முதல் 140 வரை அழகாகப் பரவியிருப்பதால் `qcut` தடையின்றி ஓடுகிறது. உங்கள் தரவுதான் போதவில்லையோ என்று தோன்றுகிறது.

பழைய பதிவேடு:
நீங்கள் எண்ணுவது விற்பனைப் பட்டியல்களையா, ஒரு விற்பனைப் பட்டியலில் உள்ள வரிகளையா என்று பாருங்கள். ஏழு பொருள் கொண்ட ஒரு பட்டியல், `count()` போட்டால் ஏழு தடவையாகிவிடும். `nunique()` போட்டால்தான் ஒன்றாகும். திரும்பப் பெற்ற பட்டியல்களையும் எண்ணுவதற்கு முன்பே நீக்க வேண்டும்.

மாதக்கணக்கு:
எங்களுடையது சந்தா முறை. மாதந்தோறும் ஒரு பட்டியல்தான்.

பழைய பதிவேடு:
அப்படியானால் உங்கள் தடவை எண்ணிக்கை ஒருவர் சேர்ந்து எத்தனை மாதமாயிற்று என்பதைத்தான் சொல்கிறது. அவருடைய ஆர்வத்தை அன்று. வரிசைக்காரருடைய நிலை அதிலிருந்து வேறு.

வரிசைக்காரர்:
எல்லைகளை மாற்றிவிட்டேன். இப்போது அந்த 62 சதவீதத்தினர் எல்லோரும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே சலுகைதானா?

பழைய பதிவேடு:
இல்லை. அவர்களிடையே தடவை எதையும் பிரித்துக் காட்டாது என்பதால், கடைசி நாளைக் கொண்டு பிரியுங்கள். இரண்டாம் முறை வந்தவர்களின் முதல் இரண்டு கொள்முதல்களுக்கு இடையிலான நாட்களைக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, அவர்களில் 80 சதவீதத்தினர் 75 நாளுக்குள் திரும்பியிருந்தால், ஒருமுறை வாங்கி 20 நாள் ஆனவருக்குத் தள்ளுபடி தேவையில்லை; அவர் தானாகவே வரக்கூடும். 75 நாளை நெருங்குபவருக்கே சலுகை பொருந்தும். 300 நாள் கடந்தவருக்குச் செலவிடுவதில் பயன் குறைவு. இந்தக் கணக்குக்கு முதல் கொள்முதல் ஓராண்டுக்கு முந்தையவர்களை மட்டும் எடுங்கள். சென்ற மாதம் சேர்ந்தவருக்குத் திரும்பி வர இன்னும் காலமே கிடைக்கவில்லை, அவரையும் சேர்த்தால் இடைவெளி உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும்.

அனுப்பும்போது, ஒவ்வொரு குழுவிலும் பத்தில் ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சலுகை இல்லாமல் விட்டுவையுங்கள். தானாக வந்திருக்கக்கூடியவர்களைச் சலுகையின் வெற்றியாக எண்ணிவிடாமல் இருக்க எனக்குத் தெரிந்த எளிய வழி இதுவே.

விரைவுக்கோடு:
சமமாக இருப்பவர்களைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மொத்தத் தொகையை மூன்றாவது மதிப்பெண்ணாக வைப்பது தடவையையே இரண்டு முறை எண்ணுவதாகாதா? சராசரிப் பட்டியல் தொகையை வைக்கலாமே.

பழைய பதிவேடு:
ஓரளவு உண்மை, அடிக்கடி வாங்குபவருடைய மொத்தமும் கூடுதலாகவே இருக்கும். ஆனால் சராசரியை வைத்தால், ஒரே ஒரு பெரிய கொள்முதல் செய்தவர் மேலே ஏறிவிடுகிறார். நான் மொத்தத்தையே வைத்திருக்கிறேன். என்னோடு பணிபுரிபவர் சராசரியை வைக்கிறார்.

வரிசைக்காரர்:
எங்கள் இடைவெளியைக் கணக்கிட்டதில் 80 சதவீதம் 110 நாளில்தான் வருகிறது. 90 சதவீதம் 240 நாள் வரை நீள்கிறது. எல்லையை இரண்டில் எதில் வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. முதல் சுற்றில் 110 நாளை வைத்து அனுப்பப் போகிறோம்.