மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்துக் கிடக்கிறது: செத்துவிட்டதா, இல்லையா?

கயல்விழி
போன வாரம் மண்டபம் பக்கம் கண்ணாடிப் படகில் போனோம். அடியில் பவளப்பாறை பெரும்பாலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. கூட வந்த ஒருவர் "எல்லாம் செத்துப்போச்சு" என்றார். இன்னொருவர் "ஆடி மாசம் பழையபடி ஆயிடும்" என்றார். யார் சொல்வது சரி? நம்ம கடல் எப்போதுமே வெதுவெதுப்புதானே, ஒரு டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும்?

துறைமுகத்தான்
இதற்கு வெயிலைக் குற்றம் சொல்வது சுலபம். கரையோரம் இருக்கிற அனல்மின் நிலையங்கள் சுடுதண்ணீரைக் கடலில்தான் விடுகின்றன, ஊர்ச் சாக்கடையும் அங்கேதான் போகிறது. அதைத் தட்டிக் கேட்காமல் உலகம் சூடாகிறது என்று பேசினால் யாருக்கும் பொறுப்பு இல்லாமல் போய்விடும். பவளம் கோடிக்கணக்கான வருடம் வெயிலைப் பார்த்த கல். ஒரு கோடையில் சாகாது.

அலையாத்தி
கல் என்று நினைப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. பதினொரு வருடமாக இந்தத் தீவுகளைச் சுற்றித் தண்ணீருக்குள் இறங்கிக் கணக்கெடுக்கிற வேலையில் இருக்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

உயிர் இருப்பது கல்லின் மேல்தோலில் மட்டும்தான். மான்கொம்பு மாதிரி கிளைவிடும் பவளத்தில் ஒவ்வொரு உயிரும் கடுகு அளவு இருந்தாலே பெரிது. அது ஒரு சின்னக் குழாய், மேலே வாய், வாயைச் சுற்றி விரல் மாதிரி நீட்சிகள். கடல்நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன் காலடியில் தளம் போடும். அந்தத் தளத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு அடுத்த தளம் போடும். பக்கத்திலேயே தன்னைப் போல இன்னொன்றைக் கிள்ளி விடும், அதுவும் தளம் போடும். ஒரு மீட்டர் உயரத்துக்கு உருண்டையாக ஒரு கல் தெரிகிறது என்றால், அந்த வகை வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஆக அது நூறு வருட வேலை. உள்ளே இருப்பதெல்லாம் காலி வீடு. குடியிருப்பது மேல்மாடியில் மட்டும்.

இவ்வளவு வேலைக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? ராத்திரியில் விரல்களை நீட்டி மிதக்கிற நுண்ணுயிர்களைப் பிடிக்கும், ஆனால் அது கொறிப்பதற்குத்தான் போதும். முக்கியமான சாப்பாடு அதன் சதைக்குள்ளேயே குடியிருக்கிற பாசியிடமிருந்து வருகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சத்துக்கு மேல் பாசி உயிரணுக்கள் இருக்கும். வெயிலில் அவை சமைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பழுப்பு, பச்சை என்று நாம் பார்க்கிற நிறத்தில் பெரும்பாலானது அந்தப் பாசியின் நிறம்.

கடல் மிஞ்சிச் சூடானால் பாசிக்குள் சமையல் தடுமாறுகிறது. வெளிச்சம் வந்துகொண்டே இருக்கிறது, அதை முழுக்கப் பயன்படுத்த முடியவில்லை. அந்த மிச்ச ஆற்றல் ஆக்சிஜனைச் சதையை அரிக்கிற விதமாக மாற்றிவிடுகிறது, அது வீடு கொடுத்தவனையே தாக்குகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. சதை கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் இருக்கிற வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. கயல்விழி பார்த்தது அதுதான். வெளுத்தது உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது.

மீனாம்மா65
தம்பி, இப்போதுதான் ஒரு விஷயம் விளங்குகிறது. என் கையில் போட்டிருக்கிற செவ்வாய்ப் பவள மோதிரம் ஐந்து வருடத்தில் வெளிறிப்போய்விட்டது. வெயில் காலத்தில்தான் அதிகம் வெளிறுகிற மாதிரி தெரியும். அதற்குள்ளும் பாசி இருந்து போய்விட்டதா?

அலையாத்தி
இல்லை அம்மா, அது வேறு வகை. மோதிரத்துக்கு வைக்கிற சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் வெளிச்சம் குறைந்த இடத்தில் வளர்வது. அதற்குப் பாசிக் கூட்டாளி கிடையாது, சிவப்பு அதன் எலும்பிலேயே ஊறிய நிறம். உங்கள் மோதிரம் வெளிறியதற்கு வியர்வை, சோப்பு, எலுமிச்சை மாதிரி புளிப்பு பட்டதுதான் காரணமாக இருக்கும். சுண்ணாம்புக்குப் புளிப்பு ஆகாது. சமையல் வேலையில் கழற்றி வையுங்கள்.

கீழவைப்பார் பையன்
எங்கள் தாத்தா காலத்தில் தீவுப் பக்கம் கல்லெடுக்கப் போவது ஒரு தொழில். கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றி வருவார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும், வீடு கட்டப் போகும். எங்கள் பழைய வீட்டு அடிச்சுவரில் இன்றைக்கும் பவளக்கல் இருக்கிறது, சுவரை உரசிப் பார்த்தால் பூப் பூவாக ஓட்டை தெரியும். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவு தண்ணீருக்குள் போனதே அதனால்தான். அண்ணன் வெயில் என்கிறார், அவர் மின் நிலையம் என்கிறார். எங்கள் கைதான் முதலில் உடைத்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அலையாத்தி
நூறு சதவீதம் உண்மை தம்பி, சொன்னதற்கு நன்றி. அந்தக் கணக்கைத்தான் துறைமுகத்தானுக்கும் காட்ட நினைத்தேன். 2001இல் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, தீவும் பவளப்பாறையும்தான் அலையைத் தாங்கின என்று ஊர்க்காரர்களே கண்டுகொண்டார்கள், கல்லெடுப்பது நின்றது. அப்புறம் உயிருள்ள பவளத்தின் பரப்பு மெல்ல ஏறியது. 2010 கோடையில் சரிந்து மறுபடி ஏறி, சுமார் 39 சதவீதத்துக்கு வந்தது. 2016 கோடை முடிந்து எண்ணியபோது சுமார் 23. கடப்பாரை இல்லை, வெடி இல்லை, ஒரே ஒரு கோடை.

சுடுதண்ணீர்க் குழாய்தான் காரணம் என்றால் குழாய் வாய்க்குப் பக்கத்தில் வெளுத்து, தூரம் போகப் போகக் குறைய வேண்டும். நடந்தது அப்படியில்லை. தூத்துக்குடித் தீவும், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற மண்டபம் தீவும் அதே கோடையில் வெளுத்தன. பெரிய தொழிற்சாலை இல்லாத லட்சத்தீவும் அதே 2016இல் வெளுத்தது.

துறைமுகத்தான்
சரி, தூரக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் பாரசீக வளைகுடாவில் கோடையில் தண்ணீர் 35 டிகிரி தொடுகிறது, அங்கேயும் பவளம் இருக்கிறது. அங்கே 35 தாங்குவது இங்கே 32 தாங்காதா? பழகிக்கொள்ளும். நீங்கள் பயம் காட்டுகிறீர்கள்.

அலையாத்தி
நல்ல கேள்வி, கயல்விழி கேட்ட "ஒரு டிகிரி"க்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பவளத்துக்கு 30 என்றோ 35 என்றோ பொதுவான எல்லை இல்லை. தான் வளர்ந்த இடத்தின் வழக்கமான உச்சச் சூட்டுக்கு வெகு அருகில்தான் ஒவ்வொன்றும் வாழ்கிறது. அந்த உச்சத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரு டிகிரி போனாலே ஆபத்து தொடங்கிவிடும்.

அப்புறம், எத்தனை நாள் என்பது முக்கியம். ஓரிடத்தில் மிகச் சூடான மாதத்தின் சராசரி 30 என்று வையுங்கள். தண்ணீர் 31இல் நான்கு வாரம் நின்றால், ஒன்றை நான்கால் பெருக்கி 4 என்று கணக்கு வைப்பார்கள். 32இல் இரண்டு வாரம் நின்றாலும் அதே 4 தான். 4 வந்தால் வெளுப்பு கண்ணுக்குத் தெரியும், 8 தாண்டினால் சாவு அதிகமாகும். செயற்கைக்கோள் வைத்துப் போடுகிற எச்சரிக்கை இந்தக் கணக்குதான். ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது மேல்தண்ணீரை. நம் தீவோரத்து ஆழமில்லாத தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கலாம், அதனால் தண்ணீருக்குள்ளும் அளக்க வேண்டியிருக்கிறது.

பாரசீக வளைகுடாப் பவளம் ஆயிரக்கணக்கான வருடம் எடுத்துப் பழகியது. அதற்கும் ஓர் உச்சம் உண்டு. 2017இல் அபுதாபி ஓரம் அதுவும் வெளுத்துப் பெருமளவு செத்தது. இங்கே 1998, 2010, 2016, 2024. நூறு வருடக் கல்லுக்கு ஆறு, எட்டு வருட இடைவெளியில் என்ன பழக்கம் வந்துவிடும்?

துறைமுகத்தான்
அப்படியானால் சாக்கடைக்குப் பங்கே இல்லையா? எல்லாம் கடல் சூடுதான் என்று கையை விரித்துவிடலாமா?

அலையாத்தி
பங்கு உண்டு, அதில் நீங்கள் சொல்வது சரி. உரமும் சாக்கடையும் கலந்த தண்ணீரில் இருக்கிற பவளம் சூட்டைக் குறைவாகத்தான் தாங்கும். அது மட்டுமில்லை, செத்த இடத்தைக் கடற்பாசி போர்த்திவிட்டால் புதுக் குஞ்சுப் பவளம் ஒட்ட இடம் கிடைக்காது. வெளுக்க வைப்பது சூடு. மீள முடியாமல் ஆக்குவதில் தண்ணீர் அழுக்குக்குப் பெரிய கை இருக்கிறது.

கயல்விழி
ரொம்ப நன்றி. வெளுத்ததா, செத்ததா என்று படகிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா? நான் எடுத்த படங்கள் இருக்கின்றன.

அலையாத்தி
பெரும்பாலும் முடியும். வெளுத்து உயிரோடு இருப்பது சுத்த வெள்ளையாக, ஈரப் பளபளப்போடு இருக்கும். முகமூடி போட்டு ஒரு முழத் தூரத்தில் பார்த்தால் அந்தக் கண்ணாடி விரல்கள் அசைவது தெரியும். செத்தது அதிக நாள் வெள்ளையாக இருக்காது. சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் அழுக்குப் பச்சையாகப் பாசி படர்ந்து, பழைய படித்துறை மாதிரி ஆகிவிடும். ஒன்றைக் கவனியுங்கள், வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவே கத்தியால் வெட்டின மாதிரி கோடு இருந்தால் அது நோயாகவோ, நத்தையோ நட்சத்திர மீனோ தின்றதாகவோ இருக்கலாம். சூட்டு வெளுப்பு மங்கி மங்கிப் போகும்.

படகில் பேசிய இருவரும் பாதிப் பாதி சரி. கச்சான் காற்று பிடித்துக் கடல் கலங்கிக் குளிர்ந்தால் சதைக்குள் குடியிருக்கிற பாசி திரும்ப வரும், சில மாதத்தில் நிறம் தேறும். 2016இல் உருண்டைக் கற்கள் நிறைய அப்படித் தேறின. கிளைப்பவளம்தான் மிகுதியாகச் செத்தது.

கீழவைப்பார் பையன்
அண்ணே, சிமெண்டுச் சட்டத்தில் பவளக் கிளையைக் கட்டித் தீவோரம் நடுகிறார்களே, அதில் பிரயோசனம் உண்டா? எங்கள் ஊர் ஆட்களும் அந்த வேலைக்குப் போகிறார்கள்.

துறைமுகத்தான்
என்னைக் கேட்டால் அது வீண் செலவு. அண்ணன் சொன்னதை வைத்தே சொல்கிறேன், கிளைப்பவளம்தான் முதலில் சாகிறது, அதையேதான் நடுகிறார்கள்.

அலையாத்தி
சீக்கிரம் வளர்கிறது என்பதால்தான் அதை நடுகிறார்கள், நல்ல தண்ணீரில் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூடப் போகும். நான் பார்த்த சட்டங்களைச் சுற்றி மீன் சேர்கிறது, அலை வேகம் மட்டுப்படுகிறது. ஆனால் துறைமுகத்தான் சொல்கிற ஓட்டையை என்னால் அடைக்க முடியவில்லை. ஒவ்வொரு வெளுப்பிலும் சாகாமல் நிற்கிற கிளைகளைக் குறித்துவைத்து அவற்றிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் குழுவிலேயே இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், ஒரே வகையை மட்டும் பெருக்கினால் நாளைக்கு நோய் வந்து மொத்தமாகப் போகும் என்கிறார்கள்.

கயல்விழி
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய உருண்டை ஒன்று மேலே முழு வெள்ளை, ஆனால் அடிப்பக்கம் நிழலில் இருக்கிற ஓரம் மட்டும் பழுப்பாக இருக்கிறது. பாசி எங்கும் படரவில்லை.

அலையாத்தி
அருமையான படம். அந்த நிழலோரம்தான், சூட்டோடு வெளிச்சமும் சேர்ந்துதான் இதைச் செய்கிறது என்பதற்குக் கண்கூடான சாட்சி. அந்தக் கல் உயிரோடு இருக்கிறது. ஆவணி வாக்கில் மறுபடி போக முடிந்தால் அதே கல்லை அதே பக்கத்திலிருந்து எடுத்து இங்கே போடுங்கள்.

கீழவைப்பார் பையன்
அக்கா போக முடியாவிட்டால் இடத்தைச் சொல்லுங்கள், சித்தப்பா வள்ளம் அந்தப் பக்கம் போகும். நான் எடுத்துத் தருகிறேன்.