விடைத்தாள் தட்டச்சு: கோடு போட்டு அடித்த வரிகளை எப்படிக் குறிப்பது?

வணக்கம். பிளஸ் டூ கணக்கு விடைத்தாளின் போட்டோக்களைப் பார்த்து, கேள்வி வாரியாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா என்று ஆசிரியரிடம் காட்டத்தான். அதனால் பையன் எழுதிய பிழையும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் பக்க எண், கேள்வி எண் இரண்டையும் வைத்து ஒரு பட்டியல் போட்டேன். 43-ஆம் கேள்வி 12-ஆம் பக்கத்தில் பாதியில் நின்று 19-இல் தொடர்கிறது. 19-இல் கேள்வி எண்ணே இல்லை. 12-ஆம் பக்கத்தின் கடைசிச் சமன்பாடு அங்கே தொடர்வதால்தான் தெரிந்தது. ஒவ்வொரு விடைக்கு மேலும் பக்க எண் போடுகிறேன். அடித்ததை இப்படி:

```
[அடித்தது: x e^x + e^x + c]
x e^x - e^x + c
[ப.12, கீழிருந்து 2 வரி படிக்க முடியவில்லை]
[ஐயம்: 7 அல்லது 1]
```

படிக்க முடியாத இடத்தில் அடுத்த படியைப் பார்த்து ஊகித்து நிரப்புவதில்லை. நிரப்பினால் அவன் விட்ட படிக்கும் மதிப்பெண் உண்டென்று தோன்றிவிடும்.

சிக்கல் இரண்டு. 41-இல் (அ), (ஆ) இரண்டையும் எழுதியிருக்கிறான்; (அ) மேல் ஒற்றைக் கோடு மட்டும் இருக்கிறது. கோடு நீலமா, திருத்தியவரின் சிவப்பா என்று கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியவில்லை. யார் அடித்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? அடுத்து, தையல் ஓரத்து நிழலில் வரிகளின் முதல் எழுத்துகள் மறைகின்றன. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் பென்சில் கோடுகள் அழிகின்றன. வேறு வழி உண்டா?