உதவி: வரி மதிப்பீடு தவறாக வந்திருக்கிறது, எங்கே முறையிடுவது? – தென்னாப்பிரிக்கா

விளக்குக்கடை: அவசரம். கூடுதலாக 46,000 ராண்ட் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. வகைப்படுத்தியதே தவறு. வரி நீதிமன்றத்துக்கு எப்படிப் போவது?

மாரிட்ஸ்பர்க்காரர்: மாதம் ஒருவர் இதையே கேட்கிறீர்கள், பழைய இழைகளைப் படித்துவிட்டு வரக்கூடாதா? எடுத்த எடுப்பில் நீதிமன்றம் கிடையாது. 80 வேலைநாளுக்குள் ஆட்சேபம். தள்ளுபடியானால் 30 வேலைநாளுக்குள் மேல்முறையீடு. சமரசம் பலிக்காவிட்டால் 10 லட்சம் ராண்ட் வரை வரி வாரியம், அதற்கு மேல் வரி நீதிமன்றம்.

மாலா: எனக்கும் வண்டிச் செலவைத் தள்ளிவிட்டார்கள். பயணக் குறிப்பேட்டை இணைத்ததும் ஆட்சேபத்திலேயே ஏற்றுக்கொண்டார்கள். உங்களிடம் குறிப்பேடு இருக்கிறதா?

சரக்குமுகவர்: "வகைப்படுத்தியது" என்றால் இறக்குமதியா? என்ன சரக்கு? கடிதம் எப்போது வந்தது?

விளக்குக்கடை: ஆமாம் அண்ணா, சென்னையிலிருந்து பித்தளைக் குத்துவிளக்கு. சுங்க வகை எண்ணை விளக்குக்கான 9405 என்று போட்டோம், அலங்காரப் பொருளுக்கான 8306 என மாற்றிவிட்டார்கள். கடிதம் வந்து 19 நாள்.

சரக்குமுகவர்: அப்படியானால் அந்த 80 நாள் உங்களுக்கு இல்லை. அது வருமான வரிக்கும் வாட்டுக்கும். நீங்கள் 1964ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள். முடிவு தெரிந்ததிலிருந்து 30 நாளுக்குள் DA 51 என்ற முறையீட்டுப் படிவம் கொடுக்க வேண்டும். வேலைநாளா என்று ஆராயாமல் நாட்காட்டிப்படியே எண்ணுங்கள், 11 நாள்தான் இருக்கிறது. அது துறைக்குள்ளேயே நடக்கும் முறையீடு. அங்கே தோற்றால் DA 52 படிவம் கொடுத்துச் சமரசம் கேட்கலாம். சரக்கு வகை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அதற்கு ஓராண்டுதான் கெடு, வழக்குக்கு ஒரு மாதம் முன்பே அறிவிப்பும் கொடுக்க வேண்டும்.

உங்கள் வாதம் வலுவானது. சுங்க வகைப் பட்டியலில் 8306 இருப்பது 15ஆம் பிரிவில். 94ஆம் அத்தியாயப் பொருள்கள் அந்தப் பிரிவில் சேராது என்று அதன் முதல் குறிப்பே சொல்கிறது. ஆகவே அது விளக்குதான், அலங்காரச் சிலை இல்லை என்று காட்டினால் போதும். எண்ணெய்க் குழியும் திரி முகமும் தெரியும்படி படம் வையுங்கள். பூஜைக்கு விற்கிறோம் என்பது எடுபடாது, இறங்கும்போது பொருள் எப்படி இருந்தது என்பதையே பார்ப்பார்கள்.

மாரிட்ஸ்பர்க்காரர்: பணத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள். கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சரக்குமுகவர்: ஆகாது. முறையிட்டதாலேயே பணம் கட்டும் கெடு நிற்காது. நிறுத்திவைக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கட்டு, பிறகு வாதாடு என்பதை 2000இல் மெட்கேஷ் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றமே ஏற்றது.

மாரிட்ஸ்பர்க்காரர்: அது வாட் வழக்கு.

சரக்குமுகவர்: சரிதான். ஆனால் சுங்கச் சட்டத்தின் 77G பிரிவும் அதையே சொல்கிறது.

மாலா: அந்த ஓராண்டு முதல் முடிவிலிருந்தா, முறையீட்டு முடிவிலிருந்தா?

விளக்குக்கடை: DA 51 நேற்றுக் கொடுத்துவிட்டேன், படங்களும் வைத்தேன். நிறுத்திவைக்கக் கேட்டதற்குப் பதில் வரவில்லை, பாதியைக் கட்டியிருக்கிறேன். நன்றி அண்ணா.