ஒன்று சிக்னிஃபிகன்ட், ஒன்று இல்லை: மாடல் 7 முடிவை எப்படி எழுதுவது?

வாணியம்பாடி_ஸ்காலர்: ராணிப்பேட்டை தோல் ஆலைத் தொழிலாளர் சர்வே, SPSS-ல் ப்ராசஸ் மேக்ரோவின் மாடல் 7. வேலை அழுத்தம் → சோர்வு → வேலையை விடும் எண்ணம். மேற்பார்வையாளர் ஆதரவு மாடரேட்டர், 1 முதல் 5 வரை அளவுகோல். ஆதரவு குறைவான இடத்தில் மறைமுக விளைவு 0.116 [0.05, 0.19], அதிகமான இடத்தில் 0.044 [-0.03, 0.12]. "ஆதரவு இந்த விளைவைத் தணிக்கிறது" என்று எழுதலாமா?

பாலாறு_பாலம்: தாராளமா எழுதுங்க. ஒரு இடைவெளியில் சுழி இல்லை, இன்னொண்ணுல இருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?

காட்பாடி_ஜங்ஷன்: பாலம் சார், அங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க. நீங்க பார்த்தது ரெண்டு தனித்தனி விளைவும் சுழியிலிருந்து விலகுதாங்கிறதை. கேள்வியோ ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு வேறுபடுதாங்கிறது. ரெண்டு இடைவெளியும் 0.05 முதல் 0.12 வரை ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு கிடக்கு. ஸ்காலர் தம்பி, அவுட்புட்டுல Index of moderated mediation வரியைப் போடுங்க. கூடவே மாடரேட்டரோட சராசரி, எஸ்டியும்.

வாணியம்பாடி_ஸ்காலர்: -0.04 [-0.09, 0.01]. சராசரி 4.2, எஸ்டி 0.9. a1 0.62, a3 -0.10, b 0.40.

காட்பாடி_ஜங்ஷன்: அப்போ "தணிக்கிறது"ன்னு எழுத முடியாது. ஆதரவு ஒரு புள்ளி ஏறினா மறைமுக விளைவு 0.04 குறையுது, a3-ஐ b-ஆல பெருக்கினதுதான் அது. ஆனா அதோட இடைவெளியில சுழி உட்கார்ந்திருக்கு. சராசரிக்கு ஒரு எஸ்டி கீழ, ஒரு எஸ்டி மேலன்னு நீங்க எடுத்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல 1.8 தூரம். 1.8 × 0.04 = 0.072, உங்க 0.116-க்கும் 0.044-க்கும் உள்ள வித்தியாசமே அதுதான். அதனால contrast போட்டாலும் இதே பதில்தான் வரும்.

இன்னொரு கோளாறு: 4.2 + 0.9 = 5.1. அஞ்சுக்கு மேல போகாத அளவுகோல்ல 5.1-ல நிக்கிற தொழிலாளி யாரு? டேட்டா மேல்பக்கம் குவிஞ்சிருந்தா இப்படித்தான் ஆகும். `moments=1`-ஐ எடுத்துடுங்க, ப்ராசஸ் தானாகவே 16, 50, 84-ஆவது பெர்சென்டைலை எடுக்கும். அது டேட்டாவைத் தாண்டாது. நீங்களே புள்ளியைத் தேர்ந்தா, ஏன் அந்தப் புள்ளின்னு ஒரு வரி எழுதணும்:

```
process y=vilagal/x=azhutham/m=sorvu/w=adharavu
 /model=7/wmodval=3,5/contrast=1/boot=10000/seed=632.
```

பாலாறு_பாலம்: இன்டெக்ஸ் விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா மேல ஒரு எஸ்டி, கீழ ஒரு எஸ்டிங்கிறதுதானே வழக்கம்? கைடு அதைத்தான் கேட்பாரு.

காட்பாடி_ஜங்ஷன்: மணி வடிவ டேட்டாவுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதுக்கு இல்ல.

ஆற்காடு_கீதா: என்னோட மாடரேட்டர் நிரந்தரம், ஒப்பந்தம்னு ரெண்டே வகை, 0–1 கோடிங். நானும் பெர்சென்டைல் போடணுமா?

காட்பாடி_ஜங்ஷன்: வேணாம் மேடம். உங்களுக்குக் குறைவு, அதிகம்ங்கிற பேச்சே இல்ல. ரெண்டு குழுவுக்கும் விளைவைச் சொல்லுங்க. இன்டெக்ஸே அந்த வித்தியாசம்.

வாணியம்பாடி_ஸ்காலர்: இன்டெக்ஸ்ல சுழி வந்துட்ட பிறகு, அந்த ரெண்டு விளைவையும் டேபிள்ல காட்டணுமா?

பாலாறு_பாலம்: காட்டாதீங்க. பார்க்கிறவங்க திரும்ப இதே தப்பைத்தான் படிப்பாங்க.

காட்பாடி_ஜங்ஷன்: காட்டலாம்னுதான் நான் சொல்வேன். மறைச்சா, பிடிச்சதை மட்டும் எழுதுனீங்களோன்னு சந்தேகம் வரும். ஆனா இன்டெக்ஸ் முதல் வரியில வரணும், புள்ளிகளோட எண்ணும் (3, 5) தலைப்பிலேயே இருக்கணும். வெறும் "குறைவு", "அதிகம்"னு போடக் கூடாது.